கடைசி கோரஸ் ஏன் ஒரு படி மேலே ஏறுகிறது?

ஆங்கில மெல்லிசைப் பாடல்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரிந்திருக்கும். பாட்டு முடியப்போகிறது, நம் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரும் பகுதியான கோரஸ் இரண்டு முறை வந்து போய்விட்டது, இனிப் புதிதாக எதுவும் வராது என்று மனம் தீர்மானித்திருக்கும் வேளையில், அதே மெட்டும் அதே வரிகளும் திடீரென்று சற்று உயரத்தில் ஒலிக்கத் தொடங்குகின்றன. சிலருக்கு அந்த இடத்தில் உடல் சிலிர்க்கிறது. வேறு சிலர், "இதோ, வழக்கமான வேலையைத் தொடங்கிவிட்டார்கள்" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். இரண்டும் உண்மையான அனுபவங்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் எண்ணம்.

இதைப் பற்றிப் பேசும்போது "பிட்ச் ஏறுது", "ஸ்கேல் மாறுது", "ஹையில் பாடுறாங்க" என்று பலவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அவை ஒன்றல்ல. எனவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம். இசைப் பயிற்சி எதுவும் தேவையில்லை. ஒரு கீபோர்டின் கட்டைகளைக் கண்ணால் பார்த்த அனுபவம் போதும்.

எது சுருதி மாற்றம், எது அல்ல

மார்கழிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளுக்கு இடையே உள்ள இடைவெளியும், கோடுகள் வளையும் விதமும்தான் கோலத்தின் வடிவம். அதே கோலத்தை வாசலில் ஓர் அடி தள்ளிப் போட்டாலும் கோலம் மாறிவிடாது. அது இருக்கும் இடம்தான் மாறும். மெட்டும் அப்படித்தான். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ள இடைவெளிகளால் ஆனது மெட்டு. அது எந்த உயரத்திலிருந்து தொடங்கிப் பாடப்படுகிறது என்பது வேறு விஷயம்.

அந்தத் தொடக்கப் புள்ளியே ஆதார சுருதி. அதாவது, எந்த ஒலியை நாம் 'ச' என்று வைத்துக்கொள்கிறோமோ அந்த ஒலி. நம் ஊர்ப் பாடகர்கள் இதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: 'சி' என்ற வெள்ளைக் கட்டையை 'ச' ஆக வைத்தால் ஒரு கட்டை, அதற்கு அடுத்த கறுப்புக் கட்டையை வைத்தால் ஒன்றரை கட்டை, அதற்கும் அடுத்த வெள்ளையை வைத்தால் இரண்டு கட்டை. சுருதி மாற்றம் என்பது, பாட்டின் நடுவில் அந்த 'ச'வையே வேறு கட்டைக்கு நகர்த்திவிட்டு, மெட்டு முழுவதையும் அதன் மேல் மறுபடி நிறுத்துவது. கோலம் முழுவதையும் பெயர்த்துத் தள்ளி வைப்பதற்கு இது ஒப்பு.

பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போவது சுருதி மாற்றம் அல்ல. அங்கே 'ச' இருந்த இடத்திலேயே இருக்கிறது, குரல்தான் அதிலிருந்து விலகி உயரே செல்கிறது. கர்நாடக இசையின் கிரகபேதமும் இதுவல்ல. கிரகபேதத்தில், ஒலிக்கும் சுரங்களின் தொகுதி அப்படியே இருக்க, அவற்றில் வேறொன்றை 'ச' என்று பாவிக்கும்போது வேறு ராகம் பிறக்கிறது. சுருதி மாற்றத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு: சுரங்கள் எல்லாமே இடம் மாறுகின்றன, ஆனால் மெட்டின் வடிவம் மாறுவதில்லை. தம்புரா இடைவிடாமல் ஒரே 'ச'வை ஒலித்துக்கொண்டிருக்கும் கச்சேரியில் இப்படிச் செய்ய வழியே கிடையாது. கார்டுகளை மாற்றி மாற்றி வாசிக்கும் இசையில்தான் இதற்கு இடம் உண்டு. கார்டு என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது.

நீங்களே சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பாட்டு எந்த ஒலியில் வந்து ஓய்வதுபோல் தோன்றுகிறதோ அந்த ஒலியை மெல்ல முனகிக்கொண்டே கேளுங்கள். கடைசி கோரஸில் உங்கள் முனகல் பாட்டோடு பொருந்தாமல் உறுத்தத் தொடங்கினால், அங்கே சுருதி மாறியிருக்கிறது. உறுத்தாமல், பாடகர் மட்டும் உயரே போயிருந்தால், மாறவில்லை.

கீபோர்டில் எண்ணிப் பார்த்தால்

இனி நுட்பத்துக்கு வருவோம். கீபோர்டில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள தூரத்தை அரைச்சுரம் என்று அழைப்போம். அப்படி இரண்டு சேர்ந்தால் ஒரு முழுச்சுரம். கடைசி கோரஸை உயர்த்தும் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை அரைச்சுரமோ முழுச்சுரமோ மட்டுமே உயர்கின்றன. ஏன் இந்தச் சிறிய தூரம்?

ஒரு கட்டையில் சங்கராபரணத்தை வாசியுங்கள். அதாவது 'சி'யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக. ஏழு சுரங்களும் ஏழு வெள்ளைக் கட்டைகள். இப்போது அதையே ஐந்து கட்டை சுருதியில், 'ஜி'யில் தொடங்கி வாசித்தால், ஆறு கட்டைகள் பழையவையே. ஒரே ஒரு கறுப்புக் கட்டை மட்டும் புதிதாக வரும். சுருதி எவ்வளவோ தூரம் தாவியிருந்தும், விரல்கள் அநேகமாகப் பழைய இடங்களிலேயே உலாவுகின்றன. இரண்டு கட்டையில் வாசித்தால் ஐந்து பழையவை, இரண்டு புதியவை.

ஒன்றரை கட்டையில் வாசித்துப் பாருங்கள். ஐந்து கறுப்புக் கட்டைகளும் வந்துவிடும்; பழைய வெள்ளைகளில் இரண்டே இரண்டுதான் மிஞ்சும். நாம் நகர்ந்தது அடுத்த கட்டைக்குத்தான். ஆனால் ஏழில் ஐந்து ஒலிகள் இதுவரை அந்தப் பாட்டில் பெரும்பாலும் கேட்காதவை.

இந்த உத்தியின் முழு வலிமையும் இங்கேதான் இருக்கிறது. தொண்டைக்கு அரைச்சுரம் என்பது மிகச் சிறிய ஏற்றம். ஒலியின் அதிர்வெண், அதாவது ஒரு நொடியில் அது அதிரும் தடவைகளின் எண்ணிக்கை, ஏறக்குறைய 6 விழுக்காடு கூடுகிறது, அவ்வளவே. ஆனால் காதுக்கு அது முற்றிலும் புதிய நிலம். ஐந்து கட்டைக்குத் தாவினால் அதிர்வெண் பாதிக்குப் பாதி கூடிவிடும். அந்த உயரத்தில் அதே கோரஸைப் பாட எவராலும் எளிதில் முடியாது. அவ்வளவு பாடுபட்டாலும் கேட்பவருக்குக் கிடைக்கும் புதுமை ஒரே ஒரு புதுச் சுரம்தான். குறைந்த உழைப்பில் மிகுந்த புதுமை கிடைப்பது பக்கத்துக் கட்டையில்தான் என்பதைப் பாடலாசிரியர்களும் இசைச் சேர்ப்பாளர்களும் கண்டுகொண்டார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சுருதி மாற்றத்தில் மெட்டு மாறுவதில்லை, 'ச' நகர்கிறது. அது மிகக் குறைவாக நகரும்போதுதான், அதைச் சுற்றியுள்ள ஒலிகள் மிக அதிகமாக மாறுகின்றன.

உயர்வு என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது

உயர்ந்த சுருதி இயல்பாகவே மகிழ்ச்சியானது, ஒளி மிக்கது என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய கீபோர்டில் பன்னிரண்டு அரைச்சுரங்களும் ஒரே அளவானவை. ஆகவே ஒன்றரை கட்டைக்கென்று ஒரு குணமும் இரண்டு கட்டைக்கென்று வேறு குணமும் கிடையாது. ஒலியைக் கேட்டவுடன் அது எந்தக் கட்டை என்று ஒப்பிடாமலே சொல்லக்கூடியவர்கள் மிகவும் அரிது. மற்ற எல்லோரும் ஒப்பிட்டுத்தான் உயரத்தை உணர்கிறோம்.

இதைச் சோதிப்பது எளிது. இப்படி முடியும் ஒரு பாட்டின் கடைசி கோரஸை மட்டும் தனியாக எடுத்து, அந்தப் பாட்டைக் கேட்டறியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவருக்கு எந்த ஏற்றமும் தெரியாது. அது ஒரு சாதாரண கோரஸ். அப்படியானால் சிலிர்ப்பு அந்தச் சுருதியில் இல்லை, இரண்டு சுருதிகளும் சந்திக்கும் இணைப்பில் இருக்கிறது. மூன்று நிமிடங்களாகக் காது ஒரு 'ச'வில் குடியிருந்து பழகிவிட்டது. அது நகர்ந்ததும், புதிய இடத்தில் மறுபடி ஊன்றிக்கொள்ளச் சில நொடிகள் எடுக்கிறது. அந்தச் சில நொடிகளைத்தான் நாம் உயர்வு என்று உணர்கிறோம். ஊன்றியபின் புதிய இடமே வீடாகிவிடும், சிலிர்ப்பும் அடங்கிவிடும்.

ஆனால் ஒன்று அடங்குவதில்லை: பாடகரின் குரலில் ஏறிய இறுக்கம். தூரத்தில் போகிறவரை உரக்கக் கூப்பிடும்போது நம் குரல் தானாகவே உயர்கிறது. அழும்போதும் சண்டையிடும்போதும் அப்படியே. குரல்நாண்கள் இழுபட்டு, அடியிலிருந்து மூச்சு அழுத்திப் பாடும் ஒலியைக் கேட்டவுடன், பாடுபவர் தன்னிடம் இருந்த முழுவதையும் கொடுக்கிறார் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கடைசி கோரஸ் முடியும் வரை நம்மைப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சுருதி ஏறும் அதே நொடியில் டிரம்ஸ் பலமாக நுழையும், வயலின் வரிசை தடிக்கும், பின்னணிக் குரல்கள் சேரும். சுருதி மாற்றத்துக்கு நாம் கொடுக்கும் பாராட்டில் கணிசமான பங்கு இசைச் சேர்ப்புக்கு உரியது.

பாடகரின் தொண்டையில் ஒரு கணக்கு

இந்த ஏற்றத்தைக் கடைசியில் ஒட்டவைக்கும் அலங்காரமாக நினைத்தால் அது பாடகரைக் கவிழ்த்துவிடும். கணக்கைப் பின்னாலிருந்து போடவேண்டும்.

ஓர் ஆண் பாடகரின் உறுதியான உச்ச ஒலி, நடு ஸ்தாயியின் 'ஜி' என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 392 அதிர்வுகள். கோரஸின் உச்சச் சுரம் 'ப' என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கட்டை சுருதியில் 'ப' இருப்பது 'ஜி'யில்தான். ஆகவே கடைசி கோரஸை ஒரு கட்டையில் வைக்கலாம்; அதற்கு மேல் போனால் குரல் உடையும். கடைசியில் ஒரு முழுச்சுரம் ஏறவேண்டுமென்றால், பாட்டின் முன்பகுதியை ஒரு முழுச்சுரம் கீழே, அதாவது கீழ் ஸ்தாயியின் ஆறரை கட்டையில் தொடங்கவேண்டும். அங்கே கோரஸின் உச்சம் 349 அதிர்வுகளில் நிற்கும். பாடகருக்குக் கைவசம் இன்னும் ஒரு படி மிச்சமிருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. சரணம் மந்திர ஸ்தாயி 'ப' வரை இறங்குவதாக இருந்தால், ஒரு கட்டையில் 196 அதிர்வுகளில் தெளிவாக விழுந்திருக்கவேண்டிய ஒலி, ஆறரை கட்டையில் 175க்கு இறங்கிவிடுகிறது. பல குரல்கள் அங்கே முணுமுணுப்பாகத் தேய்ந்துபோகும். பதிவுக்கூடத்தில் மைக்கை வாயருகில் வைத்து அந்த முணுமுணுப்பையே அந்தரங்கமான பேச்சுபோல் ஆக்கிவிடலாம். இரைச்சலான மேடையில் அது காணாமல் போய்விடும். முதல் சரணம் கேட்கவே இல்லை, கடைசி கோரஸ் மட்டும் அலறுகிறது என்று தோன்றும் மேடைப் பாடல்களில் தவறு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கும்.

இணைப்பு எப்படிக் கட்டப்படுகிறது

மிக எளிய வழி, எந்த அறிவிப்பும் இல்லாமல் நேரே தாவுவது. முந்தைய கோரஸ் பழைய சுருதியில் முடிகிறது, அடுத்தது புதிய சுருதியில் தொடங்குகிறது. இன்றைய கீபோர்டில் இதற்கு 'டிரான்ஸ்போஸ்' என்ற பொத்தானே இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்தினால், விரல்கள் பழைய கட்டைகளிலேயே வாசிக்க, ஒலி அரைச்சுரம் மேலே போய்விடும்.

ஒரு திருமண வரவேற்பில் மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். கீபோர்டு வாசித்தவர் கோரஸ் முடிந்த கணத்தில் இடது கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். பாடியவருக்கு ஒத்திகையில் இது சொல்லப்படவில்லை போலும். அவர் பழைய சுருதியிலேயே வரியை எடுத்தார். அரைச்சுர இடைவெளியில் குரலும் வாத்தியமும் உரசிய அந்த ஒலி, கண்ணாடியில் நகத்தால் கீறியதுபோல் இருந்தது. முதல் சொல் முடிவதற்குள் அவர் சட்டென்று நிறுத்தி, கார்டைக் காதில் வாங்கி, இரண்டாவது சொல்லைச் சரியான இடத்தில் பிடித்தார். புதிய 'ச' எங்கே என்று யாராவது முன்கூட்டியே காட்டிக்கொடுக்காவிட்டால், பாடகருக்கும் கேட்பவருக்கும் அது இருட்டில் படி தேடுவதைப் போன்றது.

காட்டிக்கொடுக்கும் முறைதான் இரண்டாவது வழி. புதிய சுருதிக்குள் நுழையுமுன், அந்தச் சுருதியின் 'ப'வை அடியாகக் கொண்ட கார்டை ஒரு முறை ஒலிப்பார்கள். இந்தக் கார்டுக்கு, அடுத்து 'ச' வரப்போகிறது என்று காதை எதிர்பார்க்க வைக்கும் தன்மை உண்டு. ஒரு கட்டையிலிருந்து ஒன்றரை கட்டைக்கு ஏறும் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை கட்டையின் 'ப' கார்டில் மூன்று சுரங்கள்: ஐந்தரை கட்டையின் கறுப்பு, 'சி' என்ற வெள்ளை, இரண்டரை கட்டையின் கறுப்பு. நடுவில் இருக்கும் அந்த 'சி' யார்? இதுவரை பாட்டின் 'ச'வாக இருந்தவர். புதிய சுருதியில் அதே ஒலி 'நி' ஆகிவிடுகிறது. 'நி' என்பது மேலே இருக்கும் 'ச'வை நோக்கித் தவிக்கும் சுரம். மூன்று நிமிடங்களாக நம்முடைய வீடாக இருந்த ஒலி, ஒரே கார்டில், புதிய வீட்டின் வாசற்படியாக மாறிவிடுகிறது. அரைச்சுர ஏற்றம் சில பாடல்களில் வழுக்கிக்கொண்டு போய் அமர்வதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். இந்த இடத்தைக் கீபோர்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். எழுத்தில் படிப்பதைவிட அது நூறு மடங்கு தெளிவாக விளங்கும்.

சுருக்கமாக: நேரே தாவலாம், அல்லது புதிய 'ப' கார்டால் வாசல் திறந்துவிடலாம். மூன்றாவதாகவும் ஒரு வழி உண்டு. அதை ஒரு பாட்டைக் கொண்டே பார்ப்போம்.

மௌனத்தின் வழியாக ஏறிய பாட்டு

விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடி வெளியான 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பாட்டை எழுதியவர் டாலி பார்ட்டன். அவரே பாடிய பதிவு 1974இல் வெளிவந்தது.

விட்னியின் பதிவு எந்த வாத்தியமும் இல்லாமல் குரலோடு மட்டும் தொடங்குகிறது. பிறகு ஆறு கட்டை சுருதியில் வாத்தியங்கள் மெல்லச் சேர்கின்றன, கோரஸ் வருகிறது, சாக்ஸபோன் தனியாக வாசிக்கிறது, கடைசிச் சரணம் வருகிறது. மூன்று நிமிடங்கள் வரை 'ச' இம்மிகூட அசைவதில்லை. கடைசிச் சரணம் அடங்கி, வாத்தியங்கள் ஓய்ந்து, ஒரு மௌனம். அந்த மௌனத்தின் முடிவில் டிரம்ஸில் ஒரே ஓர் அடி. அடுத்து வரும் குரல் ஏழு கட்டையில் இருக்கிறது. ஆறிலிருந்து முழுச்சுரம் மேலே. 'ச' நொடிக்கு 220 அதிர்வுகளிலிருந்து ஏறத்தாழ 247க்குப் போய்விட்டது.

இங்கே 'ப' கார்டால் முன்னறிவிப்பு எதுவும் இல்லை. அந்த வேலையை மௌனம் செய்கிறது. ஒலி நின்றவுடன் பழைய 'ச' காதில் மங்கத் தொடங்குகிறது; ஒன்று வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே குரல் புதிய இடத்தில் வந்து விழும்போது அது உரசலாகத் தோன்றாமல் விடையாகத் தோன்றுகிறது. குரலும் அந்த ஒரு கணத்துக்காகவே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் காற்றோடு கலந்து தணிவாகப் பாடியவர் இங்கேதான் முழுத் தொண்டையையும் திறக்கிறார். இந்தப் பாட்டில் மௌனத்தை எடுத்துவிட்டு கடைசிச் சரணத்தையும் கோரஸையும் நேராக ஒட்டினால், அதே குரலும் அதே ஏற்றமும் இருந்தும், அந்த இடம் பாதி வலிமையை இழந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அலுப்பு எங்கிருந்து வருகிறது

ஆங்கிலத்தில் இந்த உத்திக்கு லாரி ஓட்டுநரின் கியர் மாற்றம் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பாரவண்டி மேட்டில் திணறும்போது ஓட்டுநர் கியரை மாற்றுவார். வண்டியே ஒரு குலுங்கு குலுங்கி, இரைச்சல் மாறி, மறுபடி நகரும். பாட்டு தன் வேகத்தை இழந்துவிட்டது, வேறு வழி தெரியாமல் கியர் போடுகிறார்கள் என்பதே அந்தப் பெயரில் உள்ள குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. சுருதி ஏறும்போது பாட்டில் புதிதாக எந்தக் கருத்தும் சேர்வதில்லை: அதே வரி, அதே மெட்டு, அதே கார்டு வரிசை. மெட்டில் ஒரு திருப்பம் வைப்பதற்கும் வரியில் புதிதாக ஒன்றைச் சொல்வதற்கும் பாடுபடவேண்டும். இதற்கு ஒரு பொத்தான் போதும். 1980களிலும் 1990களிலும் மெதுவான காதல் பாடல்களில் இது அநேகமாகச் சடங்காகவே ஆகிவிட்டது. அயர்லாந்தின் வெஸ்ட்லைஃப் குழுவினர் உயரமான முக்காலிகளில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்து, சுருதி ஏறும் கணத்தில் எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்பது அவர்களுடைய அடையாளமாகவே மாறியது. யூரோவிஷன் பாட்டுப் போட்டியைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இந்த ஏற்றத்தை வழக்கமாக எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

மேலே நாம் கண்ட நுட்பத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள். சிலிர்ப்பு பிறப்பது, காது எதிர்பாராத இடத்தில் மறுபடி ஊன்றிக்கொள்ளவேண்டி வரும் சில நொடிகளில். இரண்டாவது கோரஸ் முடிந்தவுடனே "இப்போது ஏறும்" என்று காது தயாராகிவிட்டால், ஊன்றும் வேலை முன்பே முடிந்துவிடுகிறது. மிஞ்சுவது, இந்த இடத்தில் நீ நெகிழவேண்டும் என்று பாட்டு நம் முதுகில் தட்டுவது மட்டுமே. சிலிர்க்க வைத்த அதே பொறிதான் அலுக்கவும் வைக்கிறது. தொடக்கத்தில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று சொன்னது இதைத்தான்.

பில்போர்டில் முதலிடம் பெற்ற பாடல்களை எண்ணிப் பார்த்தவர்கள், 1958 முதல் 1990 வரையிலான காலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்று நடுவில் சுருதி மாறியது என்றும், 2010களில் அது அநேகமாக மறைந்துவிட்டது என்றும் கண்டார்கள். அலுப்பு மட்டும் அதற்குக் காரணமல்ல. ஹிப்ஹாப்பில் பேச்சின் தாளமே முதன்மையானது, 'ச' எங்கே இருக்கிறது என்பதற்கு அங்கே அத்தனை வேலை இல்லை. கணினியில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன் மேல் அடுக்கிக் கட்டும் முறையில், பாட்டு பக்கவாட்டில் அடுக்கு அடுக்காக வளர்கிறதே தவிர, கடைசியில் உயரத்துக்கு நகரவேண்டிய தேவை எழுவதில்லை.

காரணத்தோடு நகர்ந்தவை

என் அளவில், ஏற்றம் அலுப்பதும் அலுக்காததும் ஒரே கேள்வியைப் பொறுத்தது: அந்த இடத்தில், அந்தப் பாட்டில், அது நகர ஏதாவது காரணம் இருக்கிறதா?

மைக்கேல் ஜாக்சனின் 'மேன் இன் தி மிரர்' 1987இல் வெளியான 'பேட்' தொகுப்பில் உள்ளது. கண்ணாடியில் தெரியும் தன்னிலிருந்தே மாற்றத்தைத் தொடங்கவேண்டும் என்பது பாட்டின் பொருள். ஐந்து கட்டையில் நடக்கும் பாட்டு ஐந்தரைக்கு ஏறுவது, 'மாற்றம்' என்று பொருள்படும் சொல்லின் மேலேயே. வரி சொல்வதை அந்த நொடியில் சுருதி செய்து காட்டுகிறது. ஏறியபின் அதே கோரஸோடு முடித்துக்கொள்ளாமல், பாடகர் குழுவும் அவரும் மாறி மாறிக் கூவும் நீண்ட பகுதி தொடர்கிறது. புதிய வீட்டுக்குப் போனவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள்.

பான் ஜோவி குழுவின் 'லிவின் ஆன் எ பிரேயர்' 1986இல் வந்தது. அது அரைச்சுரத்தோடு நிற்காமல் மூன்று அரைச்சுரம் ஏறுகிறது. ஏறும் இடத்தில் நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் ஓர் எண்ணிக்கை குறைகிறது. காது நான்காவது எண்ணிக்கைக்காகக் காத்திருக்கும்போது கோரஸ் ஓர் எண்ணிக்கை முன்னதாகவே வந்து மேலே விழுகிறது. சுருதி ஏறும் என்று முன்பே தெரிந்திருந்தாலும், கால் தடுமாறுவதைத் தவிர்க்க முடியாது. எத்தனையோ முறை கேட்டும் அந்த இடம் எனக்குப் பழசாகவில்லை.

பியான்சேயின் 'லவ் ஆன் டாப்' 2011இல் வந்தது. ஒருமுறை ஏறியதும் பாட்டு முடியப்போகிறது என்று நினைப்போம். மறுபடி ஏறும், மறுபடியும் ஏறும். ஒரு கட்டையில் தொடங்கி, அரைச்சுரம் அரைச்சுரமாக நான்கு முறை உயர்ந்து, மூன்று கட்டையில் முடிகிறது. வழக்கமான உத்தியை மறைக்காமல், அதையே பாட்டின் கட்டுமானமாக ஆக்கிவிட்டார். ஒவ்வொரு ஏற்றத்திலும் கேட்பவர் மனத்தில் எழும் கேள்வி, இந்தக் குரல் இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான்.

சுருதி மாற்றம் என்றாலே மேலே போவது என்பதும் கட்டாயமில்லை. ஜானி கேஷ் 1956இல் வெளியிட்ட 'ஐ வாக் தி லைன்' பாட்டில் சரணத்துக்குச் சரணம் சுருதி நகர்கிறது. ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் அவர் வாயை மூடி ஓர் ஒலியை முனகுகிறார். அடுத்த 'ச' எங்கே என்று தேடிப் பிடிக்கும் முனகல் அது. அந்தத் திருமண மேடையில் இல்லாமல் போனது அதுதான். கடைசிச் சரணத்துக்கு வரும்போது முனகல் கீழே, இன்னும் கீழே இறங்குகிறது. முதல் சரணத்தை எங்கே பாடினாரோ அதற்கு ஒரு முழு ஸ்தாயி கீழே, தரையைத் தொடும் குரலில் அதே வரிகளைப் பாடி முடிக்கிறார்.